படம் இல்லாமல் மருதாணி டிசைனைச் சொல்லி விளங்கவைப்பது எப்படி?

மருதாணி போடுகிறவரிடம் படத்தைக் காட்டினால் பாதி வேலை முடிந்துவிடும். ஆனால் எப்போதும் படம் கைவசம் இருப்பதில்லை. எங்கோ ஒரு கலியாண வீட்டில் மச்சாளின் கையில் பார்த்திருப்பீர்கள், அது வெளுத்துப்போய் மாதக்கணக்காகியிருக்கும். படம் இருந்தாலும் அதில் வேறு ஆட்களின் முகம் விழுந்திருக்கும், வெளியே அனுப்ப அவர்களுக்கு விருப்பமிருக்காது. யாழ்ப்பாணத்தில் வீட்டோடு இருந்து மருதாணி போடுகிற அக்காமார் சிலர் இன்னமும் போனில் பேசித்தான் வேலை எடுக்கிறார்கள்.

என் தங்கச்சியின் கலியாணத்துக்கு எல்லாப் பேச்சும் போனில்தான் நடந்தது. "கொடி மாதிரி வேணும், இடையில மாங்காய், நிறைய வேண்டாம்" என்றுதான் நாங்கள் எல்லாரிடமும் சொன்னோம். கேட்ட ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு டிசைன் வந்தது. பேசிப் பேசிக் களைத்த பிறகு, எதை எந்த ஒழுங்கில் சொன்னால் எதிர்ப்பக்கத்தில் சரியாக விழுகிறது என்பது பிடிபட்டது. கீழே இருப்பது அந்த ஒழுங்கு. புறங்கையில் சரிவாக ஓடும் கொடி டிசைனையே உதாரணமாக எடுத்திருக்கிறேன், இங்கே கூடுதலாகக் கேட்கப்படுவது அதுதான்.

1. இடது, வலது, மேல், கீழ் என்ற சொற்களை விட்டுவிடுங்கள்

குழப்பம் தொடங்குகிற இடமே இதுதான். "இடது பக்கத்தில ஒரு பூ" என்றால் கையை வைத்திருப்பவருக்கு இடதா, எதிரே இருந்து போடுகிறவருக்கு இடதா? "மேல" என்றால் சிலருக்கு விரல் நுனி, சிலருக்கு முழங்கை. கையைத் தொங்கவிட்டால் ஒன்று, தூக்கினால் இன்னொன்று.

அதற்குப் பதிலாகக் கையில் உள்ள இடங்களையே திசையாகச் சொல்லுங்கள். குறுக்குத் திசைக்குப் பெருவிரல் பக்கம், சின்னவிரல் பக்கம். நீளத் திசைக்கு விரல் பக்கம், முழங்கைப் பக்கம். கை எப்படித் திரும்பினாலும் இந்த நாலும் மாறாது. இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு கைக்கும் ஒரே டிசைன் என்றால் மற்றக் கைக்குத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. "பெருவிரல் பக்கம்" என்று சொன்னது அந்தக் கையிலும் பெருவிரல் பக்கம்தான், கண்ணாடியில் தெரிவதுபோலத் தானாகவே திரும்பிவிடும்.

வலது, இடது என்பதை எந்தக் கை என்று சொல்ல மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. எந்தப் பக்கம், எதுவரை

அடுத்தது உள்ளங்கையா, புறங்கையா, இரண்டுமா என்பது. அப்புறம் எல்லை: மணிக்கட்டோடு நிற்கிறதா, முன்கையில் நாலு விரற்கிடை ஏறுகிறதா, முழங்கை வரையா. "கொஞ்சம் மேல வரட்டும்" என்பது எல்லை இல்லை. போடுகிறவர் தன் அளவில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வார், காசும் அந்த அளவில்தான் வரும்.

விரற்கிடையால் அளக்கும்போது போட்டுக்கொள்கிறவரின் விரலால் அளக்க வேண்டும். அம்மா அளந்து சொல்லி மகளுக்குப் போட்டால் முன்கை வரை போகும் டிசைனில் அளவு வித்தியாசப்படலாம்.

3. பூவைச் சொல்லமுதல் ஓட்டத்தைச் சொல்லுங்கள்

எல்லாரும் முதலில் பூவையும் மயிலையும்தான் சொல்லத் தொடங்குவார்கள். போடுகிறவருக்கோ முதலில் தெரியவேண்டியது டிசைன் எங்கே தொடங்கி எந்த வழியாய்ப் போய் எங்கே முடிகிறது என்பது. அதை வைத்துத்தான் அவர் கையில் இடம் பிரிப்பார்.

பொதுவாக வருகிற ஓட்டங்கள் சில. மணிக்கட்டிலிருந்து ஒரு விரலுக்குச் சரிவாகப் போகிற கொடி ஒன்று. நடுவில் வட்டம் வைத்து விரல் நுனிகளை மட்டும் நிரப்புவது இன்னொன்று. அம்மம்மாமார் இலை அரைத்து வைத்த காலத்துப் பொட்டும் தொப்பியும் இந்த வகைதான். காப்புப் போட்டதுபோல் மணிக்கட்டைச் சுற்றிவரும் பட்டைகள், கை முழுவதையும் மூடுகிற மணப்பெண் நிரப்பு என்று மற்றவை.

கொடி என்றால் தொடக்கம், முடிவு, அகலம் மூன்றையும் சொல்லுங்கள். "மணிக்கட்டில சின்னவிரல் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கிற எலும்பில தொடங்கி, சுட்டுவிரல் நகத்தின்ர அடியில முடியுது, நடுவில மூன்று விரற்கிடை அகலம்" என்று சொன்னால் கேட்பவர் தன் கையிலேயே அந்த வழியைத் தடவிப் பார்த்துக்கொள்ளலாம்.

"அரபிக்" என்ற சொல்லை மட்டும் நம்பி இருக்காதீர்கள். பெரிய பூ, தடித்த கோடு, நிறைய வெறுந்தோல் உள்ள சரிவான கொடி என்பதுதான் அதன் பொதுவான கருத்து. ஆனால் மெல்லிய நிரப்பு வேலை நிறைந்த கொடியையும் அரபிக் என்றே சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல்லுங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள்.

4. உருவங்கள்: பெயர், அளவு, எந்தப் பக்கம் பார்க்கிறது

மாங்காய் என்றவுடன் விளங்கிவிட்டது என்று நினைப்போம். மாங்காய்க்குத் தடித்த வயிறும் வளைந்த வாலும் உண்டு. வயிறு எந்தப் பக்கம் இருக்கிறது, வால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று சொல்லாவிட்டால் கொடியின் ஓட்டமே மாறிவிடும். வால் பெருவிரல் பக்கம் வளைந்தால் கொடி அங்கிருந்து இயல்பாகச் சுட்டுவிரலுக்கு ஏறும். சின்னவிரல் பக்கம் வளைந்தால் கண் கையை விட்டு வெளியே போகும், கொடி அறுந்ததுபோல் தெரியும்.

மயிலுக்குத் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தோகை விரிந்ததா தொங்குகிறதா என்பது வேண்டும். பூவுக்கு இதழ் எத்தனை, எத்தனை அடுக்கு, இதழ் நுனி உருண்டையா கூரா. நுனி கூராகி இரண்டு அடுக்கானால் போடுகிறவர் தாமரை என்று எடுத்துக்கொள்வார். உருண்டை இதழ் ஒரே அடுக்கு என்றால் சாதாரணப் பூ. இலைக்கு ஒரே கேள்விதான்: உள்ளே நிரப்பினதா, வெறும் வெளிக்கோடா? நிரப்பின இலை தூரத்துக்கும் தெரியும், வெளிக்கோட்டு இலை கிட்ட வந்தால்தான் தெரியும்.

அளவுக்குக் குத்திக் காசை எடுங்கள். "சின்னப் பூ", "பெரிய பூ" என்பதைவிட "அஞ்சு ரூபாக் குத்தி அளவு பூ" என்பது போதும். அந்தக் காசு போடுகிறவரின் வீட்டிலும் இருக்கும்.

5. கோட்டின் தடிப்பு

நாங்கள் கூடுதலாகக் கஷ்டப்பட்டது இதில்தான். டிசைனைச் சொல்பவர்கள் இதைத்தான் கூடுதலாக விட்டுவிடுகிறார்கள். பூவும் மாங்காயும் சொன்னபடியே வந்திருக்கும், ஆனால் கையைப் பார்த்தால் "இதில்லையே" என்று தோன்றும். உருவங்கள் சரி, கோடு பிழை.

மூன்று தடிப்பு வைத்துக்கொண்டால் போதும். மெல்லிய கோடு என்பது போல்பொயின்ற் பேனையால் கீறின கோடு, அரை மில்லிமீற்றர் அளவு. நடுத்தரக் கோடு அதன் இரண்டு மடங்கு, ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். தடித்த கோடு நெருப்புக்குச்சியின் அகலம், இரண்டு மில்லிமீற்றர். முதல் பேச்சிலேயே "மெல்லிசு என்றால் பேனைக் கோடு, தடிப்பு என்றால் நெருப்புக்குச்சி" என்று சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல்.

அடுத்தது எந்தக் கோடு எந்தத் தடிப்பு என்பது. "எல்லாம் மெல்லிசாப் போடுங்கோ" என்று சொல்வது பெரிய பொறி. நீங்கள் பார்த்து ஆசைப்பட்ட டிசைனில் அநேகமாக வெளிக்கோடு தடிப்பாகவும் உள்நிரப்பு மெல்லிசாகவும் இருந்திருக்கும். அந்த வித்தியாசம்தான் அழகைக் கொடுத்தது. எல்லாவற்றையும் மெல்லிசாக்கினால் மாங்காயின் வெளிக்கோடும் உள்ளே உள்ள கட்டமும் ஒன்றாகக் கலந்து, நாலடி தூரத்தில் நின்று பார்த்தால் மங்கலான நிழலாகத்தான் தெரியும். நிறமும் குறையும். மெல்லிய கோட்டில் விழுது கொஞ்சம்தான் இருக்கிறது, அது கெதியாகக் காய்ந்து உதிர்ந்துவிடும். விழுது ஈரமாகத் தோலோடு ஒட்டியிருக்கும் நேரம் குறைந்தால் பிடிக்கிற சாயமும் குறைவு.

ஆகவே ஒவ்வொரு உருவத்துக்கும் இரண்டு விடயம் சொல்லுங்கள்: வெளிக்கோடு என்ன தடிப்பு, உள்ளே என்ன நிரப்பு. நிரப்பு என்றால் முழுக்க நிரப்பினதா, பக்கத்துப் பக்கத்துக் கோடுகளா, கட்டமா, புள்ளியா.

கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே உள்ள வெளியும் தடிப்பளவு முக்கியம். உள்ளங்கை வியர்க்கும், ரேகைப் பள்ளங்களும் உண்டு. நெருக்கமாகப் போட்ட மெல்லிய கோடுகள் அங்கே கசிந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். கட்டம் வேண்டுமென்றால் உள்ளங்கையில் இடைவெளியைக் கோட்டின் தடிப்பைப்போல் இரண்டு மடங்காவது விடச் சொல்லுங்கள். புறங்கையில் இன்னும் நெருக்கமாகப் போடலாம், ஆனால் அங்கே வேறு குறை இருக்கிறது. உள்ளங்கையின் தோல் தடிப்பு, நன்றாகச் சிவக்கும். புறங்கையும் முன்கையும் மெல்லிய தோல், நிறம் ஒரு படி குறைவாகவே பிடிக்கும். முன்கையில் பேனைக் கோட்டு வேலை மங்கலாகத்தான் தெரியும். அதனால் முன்கைக்கு நடுத்தரத்துக்குக் குறையாத கோடு கேளுங்கள்.

நீங்கள் ஞாபகத்திலிருந்து சொல்வதாக இருந்தால் ஒன்றை யோசியுங்கள். அந்தக் கையை விழுது காயாமல் இருக்கும்போது பார்த்தீர்களா, உரித்த பிறகு பார்த்தீர்களா? ஈர விழுது புடைத்து நிற்கும், கறுப்பாகவும் இருக்கும். அதனால் கோடு தடிப்பாகத் தெரியும். உரித்த பிறகு அதே கோடு தட்டையாகி மெலிந்து தெரியும். எந்த நிலையில் பார்த்தீர்கள் என்று சொன்னால் போடுகிறவர் கணக்குப் பண்ணிக்கொள்வார்.

எந்தக் கோன் என்றும் கேளுங்கள். கைப்பட உருட்டின கோனில் நுனித் துளையைத் தேவைக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். கடைக் கோனின் நுனியைக் கத்தரிக்கோலால் பெரிதாக வெட்டிவிட்டால் அதில் இனிப் பேனைக் கோடு வருவது கஷ்டம். அழுத்தித் தடிப்பாக்கலாம், துளையை விட மெல்லிசாக்குவது கஷ்டம்.

6. வெறுமையாக விடவேண்டிய இடங்கள்

போடாத இடத்தையும் சொல்லவேண்டும். கையில் வெறுமை தெரிந்தால் போடுகிறவருக்குக் கை துருதுருக்கும், ஒரு புள்ளியாவது வைத்துவிடுவார். "நடுவிரல், மோதிரவிரல், சின்னவிரல், பெருவிரல் நாலும் வெறுமை, நுனித் தொப்பியும் வேண்டாம்" என்று விரல் விரலாகச் சொல்லுங்கள். மோதிரம் மாற்றுகிற வீடென்றால் மோதிரவிரலின் அடிக்கணுவில் எதுவும் போடவேண்டாம் என்பதையும் சேருங்கள். மோதிரத்துக்குக் கீழ் போன வேலை படத்தில் தெரியாது.

7. எல்லாவற்றையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள்

போனில் பேசமுதல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேச்சோடு பேச்சாக ஞாபகம் வந்ததைச் சொன்னால் ஏதாவது விடுபடும். எங்கள் குறிப்பு ஏறக்குறைய இப்படி இருந்தது:

> வலது புறங்கை. இடது கைக்கும் இதேதான். உள்ளங்கையில் எதுவும் இல்லை.
>
> ஓட்டம்: மணிக்கட்டின் சின்னவிரல் பக்க எலும்பிலிருந்து சரிவாக, சுட்டுவிரல் நகத்தின் அடி வரை. நடுவில் மூன்று விரற்கிடை அகலம், இரண்டு முனையிலும் ஒரு விரற்கிடை.
>
> மணிக்கட்டில்: ஒரு மாங்காய், இரண்டு விரற்கிடை நீளம். வயிறு முழங்கைப் பக்கம், வால் விரல் பக்கம் ஏறிப் பெருவிரல் பக்கம் சுருளும். வெளிக்கோடு தடிப்பு. அதற்குள்ளே சின்ன இடைவெளி விட்டு ஒரு மெல்லிய கோடு. நடுவில் மெல்லிய கோட்டுக் கட்டம், கட்டத்துக்கு ஒரு புள்ளி.
>
> புறங்கை நடுவில்: ஒரு பூ, அஞ்சு ரூபாக் குத்தி அளவு. உருண்டை இதழ் ஆறு, ஒரே அடுக்கு. வெளிக்கோடு தடிப்பு, இதழுக்குள் நடுவிலிருந்து வெளியே போகும் மெல்லிய கோடுகள். பூவின் இரண்டு பக்கமும் நிரப்பின இலை இரண்டிரண்டு.
>
> சுட்டுவிரலில்: நடுத்தரத் தண்டு, இரண்டு பக்கமும் நிரப்பின இலைகள், நுனிக்குப் போகப் போகச் சிறுக்கும். கடைசியில் மூன்று புள்ளி.
>
> மற்ற நாலு விரலும் வெறுமை. தொப்பி இல்லை.

எழுதி முடித்ததும் வீட்டில் இந்த டிசைனைப் பார்க்காத ஒருவரைக் கூப்பிடுங்கள். ஒரு தாளில் அவரின் கையை வைத்துச் சுற்றிக் கீறி, அதற்குள் நீங்கள் வாசிக்க வாசிக்க அவரைக் கீறச் சொல்லுங்கள். அழகு முக்கியமில்லை. அவர் எங்கே நின்று "இது எங்க?" என்று கேட்கிறாரோ அங்கே குறிப்பில் ஓட்டை இருக்கிறது.

8. போனில் வாசித்துவிட்டு, திருப்பிச் சொல்ல வையுங்கள்

மெதுவாக, பந்தி பந்தியாக வாசியுங்கள். "விளங்குதோ?" என்று கேட்டால் யாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். "அக்கா, இப்ப நீங்கள் ஒருக்கா எனக்குச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். எங்களுக்கு நடந்த பேச்சு இப்படிப் போனது:

"சரி பிள்ளை, மணிக்கட்டில மாங்காய், வால் பெருவிரல் பக்கம். பிறகு பூ. மாங்காயையும் பூவையும் எதால தொடுக்கிறது?"

"தண்டால அக்கா."

"தண்டு ஒற்றைக் கோடோ, இரட்டைக் கோடோ?"

குறிப்பில் அது இல்லை. சுட்டுவிரல் தண்டை எழுதியிருந்தோம், நடுத் தண்டை எழுதவில்லை. வீட்டில் கீறிப் பார்த்தபோதும் அது தப்பிவிட்டது, கீறினவர் தன்பாட்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். தொழில் தெரிந்தவர் கேட்பது வேறு மாதிரி இருக்கும். அவர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் குறிப்பில் சேர்த்து, கடைசி வடிவத்தை எழுத்தாகவோ குரல் பதிவாகவோ அவருக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைக்கு வருவது அவரின் உதவிப் பிள்ளையாகவும் இருக்கலாம், அதற்கும் இது உதவும்.

9. காசு பேசும்போது

ஆளுக்கு ஆள் விலை வேறு, ஆகவே தொகை சொல்லப்போவதில்லை. எதற்காக விலை கூடுகிறது என்பதைச் சொல்லலாம்: எத்தனை பக்கம், எதுவரை நீளம், உள்நிரப்பு எவ்வளவு நெருக்கம், வீட்டுக்கு வரவேண்டுமா. மெல்லிய கோட்டுக் கட்ட வேலைக்கு நேரம் கூடப் போகும், அதனால் அளவில் சின்ன டிசைனுக்கும் விலை ஏறலாம்.

"ஒரு கைக்கு இவ்வளவு" என்று சொன்னால் உடனே கேளுங்கள்: ஒரு கை என்றால் ஒரு பக்கமா, உள்ளும் புறமுமா? இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் கடைசி நாளில் சண்டை பிடித்த வீடுகள் உண்டு. கோன் செலவு உள்ளடங்கியதா, ஓட்டோக் காசு யார் கொடுப்பது, கூட இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவது தனியா என்பதையும் முதலே பேசி, குறிப்பின் அடியில் திகதியோடும் முற்பணத்தோடும் எழுதிவிடுங்கள்.

10. நேரம்

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் முகூர்த்தங்கள் நெருங்கி வரும். ஆளை முதலே பிடித்துவைக்க வேண்டும், குறிப்பைப் பிறகு திருத்தலாம்.

இயற்கை மருதாணி என்றால் கலியாணத்துக்கு இரண்டு நாள் முதல் போடுங்கள். விழுது ஆறு முதல் எட்டு மணித்தியாலம் கையில் இருக்கவேண்டும். உரித்தவுடன் செம்மஞ்சளாகத்தான் இருக்கும், பயப்படத் தேவையில்லை, அடுத்த ஒன்றிரண்டு நாளில் கறுத்துச் சிவக்கும். முதல் நாள் தண்ணீர் படாமல் பாருங்கள். போட்ட ஒரு மணித்தியாலத்திலேயே கன்னங்கரேலென்று பிடிக்கும் என்று யாராவது கோனை நீட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதில் தலைமயிர்ச் சாய இரசாயனம் கலந்திருக்கும், தோல் வெந்து கொப்பளிக்கலாம்.

மேலே எழுதின கொடி டிசைன் இரண்டு புறங்கைக்கும் ஒன்று, ஒன்றரை மணித்தியாலத்தில் முடியக்கூடியது. முழங்கை வரை உள்ளும் புறமும் என்றால் நாலு முதல் ஆறு மணித்தியாலம் ஒதுக்குங்கள், இடையில் சாப்பாடு ஊட்ட ஒருவரை வைத்துக்கொண்டு.

அன்றைக்கு ஒரு அஞ்சு ரூபாக் குத்தியும் நெருப்புக்குச்சியும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் கையில் வெளிக்கோடுகள் மட்டும் போட்டு முடிந்ததும், நிரப்பத் தொடங்கமுதல், ஒருக்கா நிறுத்தச் சொல்லிக் குறிப்போடு ஒத்துப்பாருங்கள். பிழையான கோட்டை அந்தக் கணமே ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். சில நிமிடம் விட்டால் அந்த இடத்தில் மெல்லிய மஞ்சள் பிடித்துவிடும், பிறகு அதற்கு மேல் ஒரு இலையை வைத்து மறைக்கத்தான் முடியும்.